வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

தமிழ்நாட்டில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு மெயில் ஐடி உண்டு. ஆனால் அதில் இருப்பது கணவரின் பெயர். வங்கியில் கே.ஒய்.சி. படிவம் நிரப்பும்போதும், பேரப்பிள்ளையின் பள்ளியில் விவரம் கேட்கும்போதும், "எங்க வீட்டுக்காரர் மெயிலையே போட்டுக்கோங்க" என்பதுதான் பதில். சில வீடுகளில் அது மகனுடைய ஐடி. இன்னும் சில வீடுகளில், முதல் ஸ்மார்ட்போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் உருவாக்கிக் கொடுத்த ஐடி. பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுமே தெரியும், அவனும் இப்போது அந்தக் கடையில் இல்லை.

இந்தப் பழக்கத்தைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியபோது சென்னை வாடிக்கையாளர்களின் முகவரிகள் giasmd01.vsnl.net.in என்று முடிந்தன. வீட்டில் ஒரு தொலைபேசி, அதில் ஒரு டயல்-அப் இணைப்பு, அதோடு வந்த ஒரு முகவரி. அமெரிக்காவிலிருந்து பிள்ளை அனுப்பும் கடிதத்தை அப்பா திறப்பார், அம்மா பக்கத்தில் நின்று படிப்பார். வாசல் கதவில் மாட்டிய தபால் பெட்டியைப் போல அது வீட்டின் சொத்தாக இருந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அதற்குள் கடிதங்கள் மட்டுமே வந்தன.

பிறகு மெயில் ஐடியின் வேலை மாறிவிட்டது. இன்று அதற்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. வங்கி, வருமான வரித் தளம், பங்குத் தரகர், ரயில் முன்பதிவு என எல்லா இடங்களிலும் 'இது இன்னார்தான்' என்று உறுதி செய்வதற்கு அது பயன்படுகிறது. பாஸ்வேர்டு மறந்துபோனால் புதிதாக அமைப்பதற்கான இணைப்பு அங்கேதான் வருகிறது. ஒரு ஐடிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற அனுமானத்தில்தான் இந்த அமைப்புகள் எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்தால் சிக்கல் வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அது அந்தரங்கத்தில் தொடங்குவதில்லை, சாதாரணக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பென்ஷன் வருகிறது, இருவர் பெயரிலும் வைப்புத்தொகை இருக்கிறது. மனைவியின் ஆண்டு வருமானம் ஏழரை லட்சம் ரூபாய். வரித் தளத்தில் இருவருடைய கணக்கிலும் பதிவாகியிருப்பது கணவரின் மெயில் ஐடிதான். கெடு ஜூலை 31 என்று இருக்கும் ஒரு வருடத்தில், ஆடிட்டர் ஜூலை 25 அன்று இருவரின் ரிட்டர்னையும் தாக்கல் செய்துவிடுகிறார். ஆனால் தாக்கல் செய்வதோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ வேறு வழியிலோ அதை வெரிஃபை செய்ய வேண்டும். கணவர் தன்னுடையதை அன்றைக்கே முடித்துவிடுகிறார். உறுதிப்படுத்தும் மெயிலும் வந்துவிடுகிறது. மனைவியின் ஆதார் ஓ.டி.பி. அவருடைய போனுக்குத்தான் வரும். அந்த நேரம் அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார், சரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகிறது.

நான்கு நாள் கழித்து மனைவி கேட்கிறார்: "ஏங்க, எனக்கும் வெரிஃபை பண்ணியாச்சா?"

"ஆச்சே, மெயில் வந்துச்சே. நீயும் பாத்திருப்பே."

அவரும் பார்த்திருக்கிறார். வரித்துறையிலிருந்து, வெரிஃபிகேஷன் முடிந்தது என்று ஒரு மெயில். அது யாருடைய பான் எண்ணுக்கு வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை. இடையில் மனைவிக்கு வந்த நினைவூட்டல் மெயிலை மகள் வீட்டுக்கு வந்த நேரத்தில் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்த மெயில் தடித்த எழுத்தை இழந்து பட்டியலில் கீழே போய்விட்டது. செப்டம்பரில் ரீஃபண்ட் கணவருக்கு மட்டும் வந்து, மனைவிக்கு வராமல் இருந்தபோதுதான் விஷயம் தெரிகிறது. 30 நாள் தாண்டி வெரிஃபை செய்தால், வெரிஃபை செய்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கணக்கிடப்படும். ஜூலையில் போட்ட ரிட்டர்ன் செப்டம்பரில் போட்டதாக ஆகிவிடுகிறது. வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் என்பதால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை, ரகசியமாக எதுவும் பார்க்கவில்லை. ஒருவர் படித்த மெயில் மற்றவருக்கும் 'படிக்கப்பட்டது' என்று காட்டும், அவ்வளவுதான். ஒருவர் போனில் அறிவிப்பைத் திறந்தால் இன்னொருவர் போனிலிருந்தும் அது மறைந்துவிடும். இருவரும் பார்க்கும் பெட்டியில் எதையும் இருவரும் பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடைமுறையில் 'அவர் பார்த்திருப்பார்' என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. வரித்துறை அனுப்பும் இன்டிமேஷன் பி.டி.எஃப். கோப்புக்குத் தனிப் பூட்டு இருக்கிறது. பான் எண்ணைச் சிறிய எழுத்தில் தட்டி, பின்னாலேயே பிறந்த தேதியைச் சேர்த்தால்தான் திறக்கும். கணவரின் விவரத்தைப் போட்டுத் திறக்கவில்லையா, அது மனைவியுடையது. துறை இதை இதற்காகச் செய்யவில்லை, ஆனாலும் பல வீடுகளில் எந்தக் கடிதம் யாருக்கு என்று தரம் பிரிப்பது இந்தப் பூட்டுதான்.

அனுப்புவதிலும் கோளாறு உண்டு. பேத்தியின் வகுப்பாசிரியைக்குப் பாட்டி எழுதும் மெயில், தாத்தாவின் பெயரில் போய்ச் சேரும். ஆசிரியை "அன்புள்ள ஐயா" என்று பதில் போடுவார். ஆன்லைன் கூட்டத்தில் பாட்டியின் முகத்துக்குக் கீழே தாத்தாவின் பெயர் மின்னும். இதுவரை சிரிக்கலாம்.

போனில் இந்த ஐடியைப் போட்ட பிறகுதான் சிரிப்பு குறைகிறது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வேலை செய்ய ஒரு கூகுள் கணக்கு வேண்டும். கணவர் போனிலும் மனைவி போனிலும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டால், பகிரப்படுவது மெயில் மட்டும் அல்ல. தொடர்பு எண்கள் கலந்துவிடும். கணவரின் சங்க நண்பர்கள் இருநூறு பேர் மனைவியின் போனில் வந்து உட்காருவார்கள். இவர்களெல்லாம் யார் என்று மனைவி அழித்துவிட்டால் கணவரின் போனிலும் காணாமல் போவார்கள். (30 நாளுக்குள் என்றால் கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்துக்குப் போய், பட்டியலைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியும்.) இருவர் போனிலும் போட்டோ பேக்கப் ஓடினால் படங்களுக்கும் இதே கதி. ஒருவர் தேவையில்லை என்று நீக்கியது மற்றவரிடமிருந்தும் போய், 60 நாள் குப்பைத் தொட்டியில் இருந்துவிட்டு நிரந்தரமாக அழிந்துவிடும்.

இலவச இடம் 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதிலேயே சேரும். இரண்டு போன்களின் கல்யாண வீடியோக்களும் ஒரே கணக்கில் ஏறினால் அது விரைவில் நிரம்பிவிடும். நிரம்பினால் போட்டோ ஏறாமல் நிற்பதோடு முடியாது. புதிய மெயில்களும் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். காப்பீட்டு பிரீமியம் நினைவூட்டல் வராமல் போனதற்குக் காரணம் மருமகளின் வளைகாப்பு வீடியோ என்று யாருக்குத் தோன்றும்? 'ஒரு வாரமாக மெயிலே வரவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இட அளவைத்தான்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. போன் தொலைந்தால் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் கூகுள் வசதி, அந்தக் கணக்கில் உள்ள எல்லாப் போன்களையும் காட்டும். ஒரே கணக்கில் இருக்கும் மனைவியின் போன் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று கணவர் பார்க்கலாம். கணவரின் போனை மனைவி பார்க்கலாம். யூடியூபில் ஒருவர் பார்த்ததும், கூகுளில் ஒருவர் தேடியதும் மற்றவர் கண்ணில் படும். டாக்டரிடம் போகும் முன் பயந்துகொண்டு ஒரு நோயைப் பற்றித் தேடியவர், அதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"எங்களுக்குள்ள என்ன ரகசியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மெயில் பெட்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும் இல்லை. மனைவியின் தோழி தன் வீட்டுப் பிரச்னையை எழுதுகிறாள் என்றால் அவள் எழுதுவது தோழிக்கு, தோழியின் கணவருக்கு அல்ல. அந்தத் தோழியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

உறவு நன்றாக இருக்கும்போது இதெல்லாம் சிறு எரிச்சலோடு போய்விடும். உறவு முறியும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு அளித்தார். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியின் செல்போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்திருந்தார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை, அது கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்த விவரம் சாட்சியமாகாது என்றார் நீதிபதி. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவியோடு பேசிய பேச்சைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்த பஞ்சாப் வழக்கு ஒன்றில், அந்தப் பதிவை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொன்னது. ஆக, தம்பதிக்குள் அந்தரங்கம் எதுவரை என்பதில் ஒரே கோடு இன்னும் விழவில்லை.

இந்த இரண்டு வழக்கிலும் 'தெரியாமல் எடுத்தார்' என்று சொல்வதற்காவது இடம் இருந்தது. பொது ஐடியில் அதுவும் போய்விடுகிறது. கணினியிலோ கணக்கிலோ உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைவதைத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தவறு என்கிறது. பத்து வருடமாக இருவரும் பாஸ்வேர்டு தெரிந்து பயன்படுத்திய கணக்குக்கு உரிமையாளர் யார்? அனுமதி எந்தத் தேதியில் திரும்பப் பெறப்பட்டது? பிரிந்து போன மனைவி தன் வக்கீலுக்கு எழுதும் மெயிலை, பழைய டேப்லெட்டில் லாக்-இன் ஆகியே கிடக்கும் கணக்கில் கணவர் படித்தால், அவர் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. கதவு திறந்தே இருந்தது.

சட்டத்துக்கு எப்படியோ, கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. மீட்பு போன் எண் யாருடையதோ, கணக்கு அவருடையது. புதிய இடத்திலிருந்து நுழையும்போது 'இது நீங்கள்தானா?' என்ற கேள்வி போவது அந்த போனுக்கு. மனைவியின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு கணவரின் பெட்டிக்குப் போகிறது என்றால், அந்தக் கணக்கின் ஒரு சாவி அவரிடம் இருக்கிறது என்றே அர்த்தம்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதை முன்பே கவனித்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் வியாபாரம் நடக்கக் கூடாது என்பதற்காக, வாங்கிய விற்ற விவரத்தைப் பங்குச் சந்தையே அவருக்கு எஸ்.எம்.எஸ்., மெயில் வழியாக நேரடியாக அனுப்பும் ஏற்பாடு 2011இல் வந்தது. வாடிக்கையாளரின் இடத்தில் வேறு யாருடைய எண்ணோ ஐடியோ பதிவாகியிருந்தால் இந்த ஏற்பாடே வீண். அதனால் ஒரு மெயில் ஐடி ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் என்பது விதி. குடும்பத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் எழுத்துமூலம் கேட்க வேண்டும். குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். 'சார்ந்திருக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சொந்தப் பென்ஷனில் வாழும் அப்பாவின் டீமேட் கணக்குக்கு மகன் தன் ஐடியைக் கொடுப்பது இந்த விலக்குக்குள் எளிதில் அடங்காது. ஐ.ஆர்.சி.டி.சி. இவ்வளவு யோசிப்பதில்லை. ஒரு ஐடிக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். மனைவி தனியாகக் கணக்கு தொடங்கப் பார்த்தால், 'இந்த ஐடி ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று திருப்பி அனுப்பிவிடும்.

மிகக் கடினமான நேரம், கணக்கை நடத்தியவர் இறந்துபோகும்போது வருகிறது. துக்க வீட்டில் யாரும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதைப் பற்றி நினைப்பதில்லை. எண் செயலிழக்கிறது, சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடவும் கூடும். மனைவியின் சொந்த முதலீடுகள் எல்லாம் அந்த ஐடியில்தான் இருக்கின்றன. வீட்டுக் கணினி ஒருநாள் பாஸ்வேர்டு கேட்டால், அவர் தன் கணக்குகளுக்கே வெளியாள். இறந்தவரின் நெருங்கிய உறவினர் கேட்டால் கணக்கை மூடவோ, சில சமயம் உள்ளிருப்பதைத் தரவோ கூகுள் பரிசீலிக்கும். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் தராது. உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்கக்கூடியது, 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற அமைப்பு. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை கணக்கு பயன்படாமல் கிடந்தால், குறிப்பிட்ட ஆட்களுக்குத் தகவல் போய், அனுமதித்த அளவுக்கு உள்ளிருப்பது கிடைக்கும்.

பிரிப்பது என்று முடிவெடுத்தால் முதல் கேள்வி, பழைய ஐடி யாருக்கு என்பது. யார் பெயரில் அதிகக் கணக்குகள் அதில் பதிவாகியிருக்கின்றனவோ அவரே வைத்துக்கொள்வது வேலையைக் குறைக்கும். மற்றவர் புதிய ஐடி தொடங்கி, தன் சொந்த எண்ணையே மீட்பு எண்ணாகக் கொடுக்க வேண்டும். பிறகு பழைய பெட்டியில் தன் பெயரையும், பான் எண்ணையும், statement, policy, folio போன்ற சொற்களையும் தேடினால், எங்கெங்கே அந்த ஐடி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். மாற்றும் வரிசையில் வங்கி முதலில், வரித் தளம் அடுத்து, முதலீடும் காப்பீடும் பிறகு. ஒரே நாளில் முடியாது, சில வங்கிகள் கிளைக்கே வரச் சொல்லும். அதுவரை, தன் பெயர் வரும் மெயில்கள் தானாகப் புதிய ஐடிக்குப் போகும்படி பழைய பெட்டியில் ஒரு ஃபில்டர் போட்டுவைக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிற நிறுவனங்களும் உண்டு என்பதால், அந்த ஃபில்டரை ஒரு முழு ஆண்டாவது விட்டுவைப்பது நல்லது.

மெயில் பார்க்கவே வராது, மகன்தான் எல்லாம் பார்க்க வேண்டும் என்கிற பெற்றோருக்கு? அவர்களுக்கும் தனி ஐடி தொடங்கி, அதைப் பார்க்கும் உரிமையை மட்டும் மகனுக்குக் கொடுக்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் Accounts and Import பகுதியில் Grant access to your account என்ற இடத்தில் மகனின் ஐடியைச் சேர்த்தால் போதும். அழைப்பை அவர் ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும். அதன் பிறகு தன் பாஸ்வேர்டிலேயே உள்ளே போய் அம்மாவின் மெயிலைப் படிக்கலாம், பதில் எழுதலாம், நீக்கவும் நீக்கலாம். ஆனால் அம்மாவின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஒரு கணக்குக்கு இப்படிப் பத்துப் பேர் வரை சேர்க்கலாம், வேண்டாம் என்றால் ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். இவ்வளவு பொருத்தமான வசதி இருந்தும் பாஸ்வேர்டைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி வைப்பதே நம் வழக்கமாக இருக்கிறது.

பொது ஐடி என்பதே கூடாது என்பதும் இல்லை. மின் கட்டணம், எரிவாயு, அப்பார்ட்மென்ட் சங்கம், பள்ளிச் சுற்றறிக்கை இவற்றுக்கெல்லாம் இருவரும் பார்க்கும் மூன்றாவது ஐடி ஒன்று வசதியானதே. அதில் ஒருவருடைய பணக் கணக்கும் பதிவாகக் கூடாது, போன்களில் அதை முதன்மைக் கணக்காகப் போடக் கூடாது. படித்த மெயிலில் மற்றவர் செய்ய வேண்டியது ஏதும் இருந்தால், மீண்டும் 'படிக்காதது' என்று குறித்துவிடுவது என்ற ஓர் ஏற்பாடு இருவருக்கும் இருந்தால் போதும்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். பழைய ஐடியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தம்பி மகனுக்குக் கொடுத்த போன், அலமாரியில் கிடக்கும் டேப்லெட், பிரவுசிங் சென்டரில் வெளியேறாமல் வந்த கணினி என்று அதில் பலதும் நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு வெளியேற்றலாம். போனைக் கை மாற்றுவதாக இருந்தால், முதலில் அதிலிருந்து கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். மீட்பு முறையில் போய் நேரடியாக அழித்தால், அது மறுபடி உயிர்பெறும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், வாங்கியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.